வாதிட இடமுண்டு

போனை வைத்துவிட்டு என் சீனியர் சிரித்தார்.

"கட்சிக்காரருக்கு ரொம்ப சந்தோஷம்மா. நம்ம ஒப்பீனியன் பிரமாதமாம். பிரஸ் எல்லாம் ஜம்முனு ஓடிக்கிட்டிருக்காம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஓடுதா? எப்படி சார் ஓடும்? ஓட்டக் கூடாதுன்னுதானே எழுதினோம்?"

"எழுதினோம். அஞ்சாம் பக்கத்துல."

"அப்புறம் அவர் எதைப் படிச்சிட்டு சந்தோஷப்படறார்?"

சீனியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். பதில் சொல்லப் பிடிக்காதபோது அவர் செய்கிற வேலை அது. கண்ணாடி எப்போதும் சுத்தமாகவே இருக்கும்.

எண்பதுகளின் கடைசி அது. தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கூட்டியிருந்த புதுசு. ஐகோர்ட்டுக்கு எதிரே ஒரு சந்தில், மாடியில், என் சீனியரின் ஆபீஸ். கம்பெனிகளுக்குத் தொழிலாளர் சட்டத்தில் ஆலோசனை சொல்வது எங்கள் பிழைப்பு. நான் அவரிடம் ஜூனியர். கோபக்காரி என்று ஆபீசில் பெயர் வாங்கியிருந்தேன். அந்தப் பெயரை நான் ஒரு நாளும் மறுத்ததில்லை.

கட்சிக்காரர் ஒரு கம்பெனியின் டைரக்டர். ஒரகடத்துக்கும் வல்லத்துக்கும் நடுவே வயல்களை வாங்கி, கார்களுக்கும் லாரிகளுக்கும் தகட்டில் பாகங்கள் அடித்துக் கொடுக்கும் தொழிற்சாலை வைத்திருந்தார். இன்று அங்கே பார்க்கிற எஸ்டேட்டும் கம்பெனி பஸ் வரிசையும் அப்போது கிடையாது. ரோட்டிலிருந்து பார்த்தால் நாற்று, நாற்றுக்கு நடுவில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை, அவ்வளவுதான்.

அந்தத் தொழிற்சாலைக்கு இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். தகட்டை அடித்து வடிவம் கொடுக்கும் பவர் பிரஸ் ஆறில் கார்டைக் கழற்றிவிட்டு ஓட்டுகிறார்கள் என்று ஆட்சேபம் எழுதிவிட்டுப் போனார். கார்டு என்றால் கம்பிவலைத் தடுப்பு. மேலிருந்து அடிக்கிற டை என்கிற இரும்பு அச்சுக்கும் ஆளின் கைக்கும் நடுவில் இருக்கிற ஒரே பொருள் அது. புதிதாக வந்த ஆர்டரில் பாகம் கொஞ்சம் ஆழமானது. கார்டு இருந்தால் அடித்த பீஸை வெளியே எடுக்க வராது. அதனால் கழற்றிவிட்டார்கள். 'கார்டு செய்துகொண்டிருக்கிறோம், அவகாசம் வேண்டும்' என்று இன்ஸ்பெக்டருக்கு டைரக்டர் ஒரு கடிதம் போட்டார். பிறகு எங்களிடம் கேட்டார்: பதில் வரும்வரை ஓட்டலாமா?

அதுதான் அவர் கேட்டது. ஒரே வரி. அதற்கு நாங்கள் ஏழு பக்கம் எழுதினோம்.

ஆராய்ச்சி என்னுடையது. தீர்ப்புகளைத் தேடி எடுத்து, ஆபத்தான பாகத்துக்குத் தடுப்பு போடுவது கட்டாயம், 'போட்டால் மெஷினை ஓட்ட முடியாது' என்பது சமாதானமே இல்லை என்று வரிவரியாக நான் எழுதியிருந்தேன். தலைப்பக்கம் மட்டும் சீனியருடையது. கேள்வியையும் சுருக்க விடையையும் அவரே எழுதுவார், ஜூனியர் தொடக் கூடாது. அது எங்கள் ஆபீஸ் வழக்கம். அந்தப் பக்கம் இப்படி இருந்தது. இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொல்கிறேன், மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

'மேற்படி தொழிற்சாலையில் நிறுவப்பட்டுள்ள மேற்படி இயந்திரங்களின் தன்மையையும், அவற்றில் உருவாக்கப்படும் பாகத்தின் வடிவத்தையும், தடுப்பு பொருத்துவதால் உற்பத்தியில் ஏற்படும் இடையூற்றையும் கருத்தில் கொள்ளுமிடத்து, சட்டத்தின் 21ஆம் பிரிவு விதிக்கும் கடமை நடைமுறைச் சாத்தியத்துக்கு உட்பட்டதே என்று வினவுபவர் வாதிட இடமுண்டா?'

இது கேள்வி. விடை: 'வாதிட இடமுண்டு. எனினும், கீழே விவாதிக்கப்பட்டுள்ள தீர்ப்புகளுக்கும் அவை எழுப்பும் ஐயங்களுக்கும் இது உட்பட்டது.'

அட, மனுஷன் என்ன கேட்டான், நாம் என்ன சொன்னோம்? அவர் கேட்டது ஓட்டலாமா என்று. நாங்கள் பதில் சொன்னது, கேஸ் வந்தால் கோர்ட்டில் பேச ஏதாவது இருக்கிறதா என்ற கேள்விக்கு. வக்கீலுக்குத் தன் வேலைதான் கண்ணில் படும். வாதம் ஒன்று இருந்தால் போதும், 'இடமுண்டு' என்று எழுதிவிடுவோம். எந்த வாதத்துக்குத்தான் இடமில்லை? தோற்கிற வாதத்துக்கும் இடம் உண்டு. டைரக்டர் அந்த முதல் இரண்டு சொல்லைப் பார்த்தார், சரி என்றுவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டார், ஓட்டினார். அவரைக் குற்றம் சொல்லி என்ன பிரயோஜனம்?

இதை அப்படியே சீனியரிடம் கத்தினேன். கத்தினேன் என்றால் கத்தினேன்தான். வராந்தாவில் உட்கார்ந்திருந்த வேறொரு கட்சிக்காரர் எட்டிப் பார்த்தார்.

"மெதுவா பேசும்மா. ஏழு பக்கத்துல எல்லாம் சொல்லியிருக்கோம். படிக்கறது அவர் பொறுப்பு."

"படிக்க மாட்டார்னு உங்களுக்கே தெரியும் சார்."

"அதுக்கு?"

"அதுக்கா? அங்க ஒருத்தன் கை போனா, அஞ்சாம் பக்கத்தைப் பாருன்னு அவன் பொண்டாட்டிகிட்ட காட்டுவீங்களா?"

அவர் முகம் சுருங்கியது. எனக்கு அப்போது அது போதவில்லை. கடைசியில், "நேர்ல போய் மெஷினைப் பாரு. இன்ஸ்பெக்டருக்கு அடுத்த பதில் எழுத விவரம் வேணும். அப்படியே அவர்கிட்ட வாய்ல சொல்லிட்டு வா" என்றார். என்னை ஆபீசிலிருந்து வெளியே அனுப்பினால் தேவலை என்று நினைத்திருப்பார்.

மறுநாள் காலை தாம்பரத்தில் பஸ் பிடித்தேன். படப்பை தாண்டும்வரை நின்றுகொண்டே வந்தேன், மனதுக்குள் சீனியருடன் சண்டை போட்டுக்கொண்டே வந்தேன். ஒரகடம் கூட்ரோட்டில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடை. கேட்டில் செக்யூரிட்டி என்னை யாரோ ஆபீசர் வீட்டுப் பெண் என்று நினைத்து, உட்கார ஸ்டூல் போட்டார். வக்கீல் என்றதும் ஸ்டூலை மறந்துவிட்டார்.

ஆட்கள் விவகாரத்தைப் பார்க்கும் பர்சனல் ஆபீசர் என்னை உள்ளே அழைத்துப் போனார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். சட்டை காலரில் கைக்குட்டையைச் செருகியிருந்தார். பேச்சு மரியாதையானது. ஷாப்புக்குள் நுழைந்ததும் அந்தப் பேச்சு எதுவும் காதில் விழவில்லை. ஆறு பிரஸ்ஸும் ஓடின. தரை நடுங்கியது.

முதல் பிரஸ்ஸில் நின்றவர் முப்பது வயதுக்காரர், பக்கத்துக் கிராமத்து ஆள். தகட்டை டைக்குள் வைப்பார், காலால் பெடலை மிதிப்பார், மேலிருந்து அச்சு இறங்கி அடிக்கும், விரலை விட்டு பீஸை எடுத்துத் தொட்டியில் போடுவார். வைக்கும்போது கை உள்ளே. எடுக்கும்போது கை உள்ளே. கால் ஒரு தடவை முந்திக்கொண்டால் போதும். நான் பார்த்துக்கொண்டிருந்தபோது என் கையை நானே முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்லிவிட்டுக் கேட்டேன். "கார்டு எங்கண்ணே?"

"அதோ பாரும்மா, செவுத்தாண்ட சாச்சி வெச்சிகீது. அத்த மாட்டினா பீஸு எப்டி எடுக்கறது? கையி போவாதுல்ல உள்ள."

"கை போகக் கூடாதுன்னுதானே அதை வெச்சிருக்கறது!"

"அதுக்கு இன்னா பண்றது சொல்லு. மாட்டினா ஒரு நாளைக்கு இத்தினி பீஸுன்னு வெச்ச கவுண்ட்டு வராது, கவுண்ட்டு வரலன்னா சூப்பர்வைசர் கத்துவாரு. வக்கீலே ஓட்டலாம்னு எழுதிக்குடுத்துட்டாருன்னு சொல்றாங்களே. நெஜமா?"

அந்த 'இடமுண்டு' பட்டணத்திலிருந்து புறப்பட்டு, டைரக்டர் வாயால் மேனேஜருக்கும், மேனேஜர் வாயால் சூப்பர்வைசருக்கும் போய், இவர் காதுக்கு வந்து சேரும்போது 'ஓட்டலாம்' என்று ஆகியிருந்தது. 'வாதிட'வும் போச்சு, 'எனினும்' போச்சு. எங்கள் எழுத்தை நம்பித்தான் இவர் கையை விட்டு எடுத்துக்கொண்டிருக்கிறார்! பாவிகளா என்று திட்ட வாய் வந்தது. யாரை என்று யோசித்தபோது முதலில் எங்கள் ஆபீஸ்தான் வந்தது.

டைரக்டர் மத்தியானம் வருவார், ஷிப்ட் மாறுகிற நேரத்துக்கு ஒரு பத்து நிமிஷம் ஆபீசில் இருப்பார், உடனே மீனம்பாக்கம் போய் பம்பாய்க்கு விமானம் ஏறுகிறார் என்றார் பர்சனல் ஆபீசர். திரும்பி வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும்.

"வாய்ல சொல்லுங்க மேடம். ஆனா வாய்ல சொன்னா பேசியே உங்களை மடக்கிடுவாரு. ஆளு அப்படி."

"எழுதினா?"

"ஒரு பக்கம் படிப்பாரு. கார்ல ஏறிக்கினே படிப்பாரு. உங்க ஏழு பக்கத்துல மொதப் பக்கத்தைத்தான் கிழிச்சு எடுத்துக்கினு போனாரு. மிச்சம் இதோ, என் டிராயர்ல தூங்குது."

சத்தியமாக அந்த டிராயரைத் திறந்து காட்டினார். ராத்திரியெல்லாம் கண்விழித்து நான் எழுதிய ஆறு பக்கமும் பிரித்துப் பார்க்கப்படாத மடிப்போடு கிடந்தன. அழுகை வரவில்லை. டைப்ரைட்டர் எங்கே என்று கேட்டேன்.

பர்சனல் செக்ஷனில் டைப்பிஸ்ட் லீவு. நானே உட்கார்ந்தேன். முதலில் கேள்வியை மாற்றினேன். 'வினவுபவர்' போய் 'நீங்கள்' வந்தார். 'மேற்படி' எல்லாம் குப்பைக்குப் போனது. முடிவை எது தீர்மானிக்கிறதோ அந்த விவரங்கள் மட்டும் கேள்வியில் இருக்க வேண்டும், மற்றதெல்லாம் உள்ளே போகட்டும் என்று வைத்துக்கொண்டேன். ஆறு பிரஸ், கார்டு இல்லை, இன்ஸ்பெக்டர் எழுதிவிட்டார், அவகாசக் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. இந்த நாலும் போதும்.

'கேள்வி: கார்டு கழற்றிய ஆறு பிரஸ்களை, இன்ஸ்பெக்டர் ஆட்சேபம் எழுதிய பிறகும், அவகாசம் கேட்ட கடிதத்துக்குப் பதில் வரும்வரை நீங்கள் ஓட்டலாமா?'

விடையில்தான் திணறினேன். 'கூடாது. ஏனெனில் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி...' என்று ஆரம்பித்து நாலு வரி அடித்தேன். பர்சனல் ஆபீசர் கையில் கொடுத்தேன். டைரக்டர் காருக்கு நடக்கிற மாதிரி, படித்துக்கொண்டே மாடிப்படி வரை நடந்து பாருங்கள் என்றேன். திரும்பியதும் தாளைப் பிடுங்கிக்கொண்டு, "என்ன புரிஞ்சது?" என்றேன்.

"கார்டு போடணும்னு சட்டம் இருக்குதுன்னு."

"அவ்ளோதானா?"

"அது அவருக்கே தெரியும் மேடம். போடலன்னா இன்னா ஆவும்? அது வரதுக்குள்ள நான் படிக்கட்டாண்ட போயிட்டேன்."

சரிதான். பிரிவு நம்பரை முன்னால் நிறுத்தினால் அதன் பின்னால் இருக்கிற ஆபத்து யாருக்கும் தெரியாது. கிழித்தேன். இரண்டாவதில், 'கூடாது' என்பதற்கு அடுத்த வாக்கியமாக விளைவை வைத்தேன். கோபத்தில் கை ஓடியது: 'ஓட்டினால் நீங்கள் ஜெயிலுக்குப் போவீர்கள். ஆள் ஒருவரின் கை துண்டாகும்.'

பர்சனல் ஆபீசர் இந்த முறை படிக்கட்டு வரை போகவில்லை. நின்ற இடத்திலேயே நின்று, கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

"மேடம், ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காதீங்க. கையைப் பத்தி எழுதுனத எடுத்துடுங்க."

"ஏன்?"

"அதப் பாத்ததும், 'இ.எஸ்.ஐ. இருக்குல்ல, அவங்க பாத்துப்பாங்க'ன்னுவாரு. போன தடவை வேற லைன்ல ஒருத்தனுக்கு நசுங்கினப்பவும் அதான் சொன்னாரு. அந்த வரியப் புடிச்சிக்கினு பேச ஆரம்பிச்சிட்டாருன்னா மிச்சத்தை விட்டுடுவாரு."

எழுந்து நின்றுவிட்டேன். இந்த ஆளை அறையலாமா என்று இருந்தது. அப்புறம் பார்த்தேன், அவர் கண் கலங்கியிருந்தது. அவர் டைரக்டருக்காகப் பேசவில்லை. அந்த ஆறு பேருக்காகத்தான், தனக்குத் தெரிந்த வழியில், பேசினார். எனக்கு இன்னும் அதிகமாகக் கோபம் வந்தது, ஆனால் அந்த வாக்கியத்தை அடித்தேன். நீலப் பென்சிலால், தாள் கிழிகிற மாதிரி அடித்தேன்.

சீனியர் சம்மதம் இல்லாமல் ஒப்பீனியனை மாற்றிக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. போன் லைன் கிடைக்கவே ஒரு யுகம் ஆனது. கிடைத்ததும் கொரகொரவென்ற இரைச்சலுக்கு மேல் கத்தி, வரிவரியாகப் படித்துக் காட்டினேன்.

"லைன்ல இருக்கீங்களா சார்?"

"இருக்கேன். 'ஜெயிலுக்குப் போவீர்கள்'னு யார் சொன்னது? மாஜிஸ்டிரேட்டா நீ?"

"சார்!"

"கத்தாதே. ரெண்டு வருஷம் வரை ஜெயில், இல்ல ஒரு லட்சம் வரை அபராதம், இல்ல ரெண்டுமே. அதானே சட்டம்? அபராதத்தோட விடவும் செய்வாங்க. நடக்கும்னு எழுதி நடக்கலன்னா, அடுத்த தடவை நீ சொல்ற எதையும் அவர் நம்ப மாட்டார். 'ஆகலாம்'னு போடு. எவ்வளவு ஆகலாம்னு போடு. அப்புறம், நம்ம வாதத்தை ஏன் எடுத்துட்டே? அது இருக்கா இல்லையா?"

"இருக்கு சார். நோஞ்சான் வாதம்."

"நோஞ்சான்னே எழுது. மறைக்காதே."

பல்லைக் கடித்துக்கொண்டேன். அவர் சொன்னது சரி. அந்த மனுஷன் மேல் முழுசாகக் கோபப்படக்கூட விடமாட்டார். "தலைப்பக்கத்துல நீ கை வைக்கறது இதுதான் முதல்" என்றார் கடைசியாக. "எனக்காகன்னு போட்டு நீயே கையெழுத்துப் போடு." போனை வைத்துவிட்டார்.

கடைசியாக டைப்ரைட்டரிலிருந்து இறங்கியது இது:

'விடை: கூடாது. ஓட்டினால் வழக்கு உங்கள் மீதும் மேனேஜர் மீதும் தனித்தனியே வரும். கம்பெனி மீது மட்டும் அல்ல. தண்டனை இரண்டு ஆண்டு ஜெயில் வரை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் ஆகலாம். உடனடி ஆபத்து என்று இன்ஸ்பெக்டர் கருதினால் அந்த மெஷின்களை நிறுத்தவும் உத்தரவிடலாம். அவகாசம் கேட்ட கடிதம் அனுமதி ஆகாது. கார்டு போட்டால் வேலை நடக்காது என்ற வாதம் பலவீனமானது, நாங்கள் பார்த்த தீர்ப்புகள் அதை ஏற்கவில்லை. வழக்கு வந்த பிறகு பேசத்தான் அது உதவும், ஓட்டுவதற்கு அல்ல. செய்ய வேண்டியது: ஆறையும் இந்த ஷிப்டிலிருந்தே நிறுத்துங்கள், கார்டு பொருத்திய பிறகு ஓட்டுங்கள், நிறுத்திய விவரத்தை இன்ஸ்பெக்டருக்கு எழுதுங்கள்.'

பர்சனல் ஆபீசர் படிக்கட்டுக்குப் போகிற வழியிலேயே திரும்பிவிட்டார். "புரிஞ்சிடுச்சு மேடம்" என்றார். "படிக்கட்டு வரைக்கும் போகத் தேவையில்ல."

டைரக்டரின் கார் வந்தது. இன்ஜினை அணைக்கவில்லை. அவர் உள்ளே வந்ததும் எதிர்கொண்டு தாளை நீட்டினேன். நாற்பதைத் தாண்டியவர். நல்ல உயரம், நல்ல ஷூ, கையில் கட்டியிருந்த வாட்சை நிமிஷத்துக்கு ஒருதரம் பார்க்கும் பழக்கம்.

"அதான் ஒப்பீனியன் குடுத்தாச்சேம்மா. இது என்ன புதுசா?"

"முதல் பக்கத்தை மாத்தியிருக்கோம் சார். ஒரு பக்கம்தான்."

நின்றபடியே படித்தார். வாட்சைப் பார்க்கப் போன கை பாதியில் நின்றது. மறுபடியும் மேலிருந்து படித்தார்.

"என் மேலயா? மேனேஜர்தானே ஃபேக்டரியைப் பாத்துக்கறார்?"

"ரெண்டு பேர் மேலயும் சார். கம்பெனியா இருந்தா டைரக்டர்ல ஒருத்தர்தான் பொறுப்பாளின்னு சட்டத்தை மாத்திட்டாங்க. லைசென்ஸ்ல உங்க பேர் இருக்கு."

"இதை முன்னாடியே ஏன் சொல்லலை?"

சொன்னோமய்யா, ஐந்தாம் பக்கத்தில் என்று வாய்வரை வந்தது. விழுங்கினேன். அந்தக் கேள்வி நியாயமானது.

அவர் தாளை மடித்தார். நான்காக மடித்து, என்னிடமே திருப்பி நீட்டினார். நான் வாங்கவில்லை. குரல் மாறியிருந்தது, குழைவாக.

"ஒண்ணு பண்ணும்மா. இது எனக்கு வரலைன்னு வெச்சுக்குவோம். பழைய பக்கமே ஃபைல்ல இருக்கட்டும். நான் பம்பாயிலேர்ந்து வந்ததும் இதைப் பத்திப் பேசலாம். நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா, மேனேஜர் செஞ்சார், எனக்குத் தெரியாது, வக்கீல் வாதிட இடமுண்டுன்னு சொன்னாங்கன்னு இருக்கும்ல?"

அப்பா! எவ்வளவு சீக்கிரம் புரிந்துவிட்டது! ஏழு பக்கத்தில் புரியாத மனுஷனுக்கு ஒரு பக்கத்தில் எல்லாம் புரிந்து, அதிலிருந்து தப்பிக்கிற வழிவரைக்கும் புரிந்துவிட்டது. எங்கள் குழப்பமான எழுத்து அவருக்குத் தொந்தரவே இல்லை, வசதி. அந்த வசதியைத் திரும்பக் கேட்கிறார், அந்தப் பக்கம் ஆறு பேர் டைக்குள் கையை விட்டுக்கொண்டிருக்கும்போது. என் காது இரண்டும் சூடாகிவிட்டன.

"சார், அப்படி ஒரு வழி சட்டத்துல இருக்கு. இன்னொருத்தர்தான் செஞ்சார், எனக்குத் தெரியாது, நான் எல்லா ஜாக்கிரதையும் எடுத்தேன்னு நீங்க நிரூபிச்சா தப்பிக்கலாம். நிரூபிக்கணும். இன்ஸ்பெக்டர் எழுதிட்டுப் போனாரு. அதுக்கு அவகாசம் கேட்டு நீங்களே கையெழுத்துப் போட்டு லெட்டர் அனுப்பியிருக்கீங்க. கார்டு இல்லைன்னு உங்களுக்குத் தெரியும்னு உங்க லெட்டரே சொல்லுது. நான் இந்தத் தாளை இங்கயே கிழிச்சுப் போட்டாலும் உங்களுக்குத் தெரியாதுன்னு ஆகாது."

"இது நமக்குள்ளதானே? நீங்க யார்கிட்டயும்..."

"வக்கீல் கட்சிக்காரர்கிட்ட சொன்னதை வெளியில சொல்ல மாட்டோம் சார். சொல்லவும் கூடாது. அந்த பயம் உங்களுக்கு வேண்டாம். ஆனா அந்த லெட்டர் எங்க ஃபைல்ல இல்ல, இன்ஸ்பெக்டர் ஃபைல்ல இருக்கு."

வெளியே கார் உறுமிக்கொண்டிருந்தது. ஷிப்ட் மாறுகிற சங்கு ஊதியது. கூட்டம் கேட்டுப் பக்கம் நகரும் சத்தம் கேட்டது. அடுத்த ஷிப்ட் ஆட்கள் பிரஸ்ஸுக்கு முன்னால் போய் நிற்கப் போகிறார்கள். அவர் பார்வை மடித்த தாளிலேயே இருந்தது.

தாளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மேஜை மேல் இருந்த இன்டர்காமை எடுத்தார்.

"அந்த ஆறு பிரஸ்ஸையும் நிறுத்து. இல்லய்யா, இப்பவே. கார்டு மாட்டாம ஒருத்தன் தொடக் கூடாது. பீஸ் எடுக்க வழி டூல்ரூம்ல கண்டுபிடிக்கச் சொல்லு. கஸ்டமர்கிட்ட நான் பேசிக்கறேன்."

அவ்வளவுதான். மூணு மூச்சு நேரம்கூட ஆகவில்லை. முடியாது, நடக்காது, உற்பத்தி படுத்துவிடும் என்று ஏழு பக்கத்துக்கு நாங்கள் அலசிய விஷயம், இன்டர்காமில் ஒரு அதட்டலில் முடிந்தது. சந்தோஷப்பட வேண்டிய நேரம். எனக்கோ அந்த இன்டர்காமைப் பிடுங்கி உடைக்கலாம் போல இருந்தது. இத்தனை சுலபமா! இத்தனை நாளும் இத்தனை சுலபமாகவா இருந்தது?

அவர் காரில் ஏறுமுன் என்னைப் பார்த்து, "இப்படி எழுதுங்கம்மா இனிமே" என்று சொல்லிவிட்டுப் போனார். உபதேசம் வேறு.

ஷாப்பில் இரைச்சல் ஒவ்வொன்றாக அடங்கியது. பர்சனல் ஆபீசர் என்னை கேட்டு வரை கொண்டுவிட வந்தார். காலையில் பேசிய பிரஸ்காரர் முகம் கழுவி, டிபன் பாக்ஸோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார்.

"இன்னாம்மா, நிப்பாட்டிட்டாங்களே! நீ இன்னாமோ எழுதிக்குடுத்தியாமே, டைரக்டரு படிச்சிட்டு ஆடிப்பூட்டாராம்?"

"ஆமாண்ணே."

"கவுண்ட்டு போச்சு, இன்சென்டிவ்வும் போச்சு, போவட்டும். வூட்ல சொன்னா அது சந்தோசப்படும். டெய்லி வுட்டுட்டு வாய்யா அந்த வேலையன்னு ஒரே ரோதனை." சைக்கிள் ஹேண்டிலைப் பிடித்திருந்த தன் விரல்களை ஒரு தரம் விரித்து மடக்கினார். "எங்க கையப் பத்தித்தான எழுதுன?"

பர்சனல் ஆபீசர் தலையைக் குனிந்துகொண்டார். பொய் சொல்லலாம். பிரஸ்காரருக்கு அது பிடித்திருக்கும். ஆனால் அன்று காலையிலிருந்து பூசிமெழுகின எழுத்தோடு சண்டை போட்டு எனக்கு அலுத்துவிட்டது.

"இல்லண்ணே" என்றேன். "ஒரு வார்த்தைகூட எழுதலை. டைரக்டருக்கு என்ன ஆகும்னு மட்டும்தான் எழுதினேன்."

அவர் சைக்கிளில் ஏறிக் காலை ஊன்றிக்கொண்டு சொன்னார்:

"அதான் டக்குனு நின்னுகீது."